கடற்கரை ஏலத்தின் அன்றாடக் கணக்கு: சங்கத் தாளில் எதை, எப்படி எழுதுவது

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு மீனவர் சங்கத்தில் கணக்கராக இருந்த ஆண்டுகளில், நாள்தோறும் நண்பகலுக்குள் நான் முடிக்க வேண்டியிருந்த முதல் வேலை ஒரு பக்கத் தாள்தான். அன்று எத்தனை வள்ளங்கள் கடலுக்குப் போயின, எத்தனை கரை சேர்ந்தன, என்ன மீன் எவ்வளவு வந்தது, அது என்ன விலைக்கு ஏலம் போனது என்பவற்றை அந்தத் தாள் சொல்லும். அதன் ஒரு படி சங்க அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், இன்னொரு படி மாவட்டக் கூட்டமைப்புக்குப் போகும், அதன் சுருக்கம் அக்கம்பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்கு அலைபேசியில் செய்தியாக அனுப்பப்படும். பார்ப்பதற்கு எளிய கூட்டல் கணக்காகத் தோன்றும் இந்தத் தாளைச் சரியாக எழுதுவதற்குச் சில முடிவுகளை முன்கூட்டியே எடுத்து, அவற்றை ஒருநாளும் மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பதை அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. புதிதாகப் பொறுப்பேற்கும் சங்கக் கணக்கர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

சங்கம் ஏலத்தில் ஏன் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தாளின் அமைப்பு அதிலிருந்துதான் வருகிறது. முன்பு வலைக்கும் கட்டுமரத்துக்கும் கடன் கொடுத்த வியாபாரியே, அந்தக் கடனைக் காட்டி, மீனுக்கும் விலை வைத்தார். 1970களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியால் இந்தக் கரையின் ஊர்களில் மீனவர் சங்கங்கள் உருவானபோது, கடனையும் விற்பனையையும் மீனவர்கள் தங்கள் கைக்குக் கொண்டுவருவதே அவற்றின் மைய நோக்கமாக இருந்தது. 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஊர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, தலைமைக் கூட்டமைப்பு என்ற மூன்று அடுக்கு முறையில் இதை விரிவாக்கியது. உறுப்பினர் தம் மீன் முழுவதையும் சங்கத்தின் ஏலக்காரர் மூலமாகவே விற்பார். விற்ற தொகையில் குறிப்பிட்ட விழுக்காடுகள் சங்கத்தின் செலவுக்கும், அவருடைய சேமிப்புக்கும், கடன் அடைப்புக்கும் பிடிக்கப்படும். எங்கள் சங்கத்தில் அது முறையே மூன்று, இரண்டு, பத்து என்று இருந்தது. பிடித்தம் முழுவதும் விற்பனைத் தொகையின் மீது கணக்கிடப்படுவதால், ஏலத் தொகை ஒரு வரியில் தவறினால் அது உறுப்பினரின் சேமிப்பிலும் கடன் கணக்கிலும் தவறாக ஏறிவிடும்.

கரையில் நடப்பது இதுதான். வள்ளம் மணலேறியதும் வலையிலிருந்து மீனை உதிர்த்துக் கூடையில் அள்ளுவார்கள், அல்லது மணலில் குவியலாகக் கொட்டுவார்கள். வியாபாரிகள், தலைச்சுமையாக ஊர் ஊராக விற்கும் பெண்கள், ஏற்றுமதி நிறுவனங்களின் ஆட்கள் என எல்லாரும் சுற்றி நிற்க, ஏலக்காரர் ஒரு விலையில் தொடங்கி மேலே ஏற்றிக்கொண்டு போவார். கடைசியாகக் கேட்டவருக்கு மீன். அந்த இடத்திலேயே கணக்கர் மூன்று படிகள் கொண்ட துண்டுச்சீட்டு எழுதுவார்: ஒன்று வள்ளத்துக்கு, ஒன்று வாங்கியவருக்கு, ஒன்று சங்கத்துக்கு. வள்ளத்தின் எண், மீனின் பெயர், அளவு, அலகு, விலை, வாங்கியவர், நேரம் ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். இவற்றில் அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுவது நேரமும் அலகும்தான். தாளின் மதிப்பைத் தீர்மானிப்பதும் அவை இரண்டுமே.

அலகை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எடைத்தராசு இல்லாமலேயே பெரும்பகுதி ஏலம் நடக்கிறது. சாளை, அயிலை, நெத்திலி போன்றவை கூடையாகவோ குவியலாகவோ விற்கப்படும். நெய்மீன், பெரிய பாரை, சூரை போன்றவை எண்ணிக்கையில் போகும். கணவாயும் இறாலும் நிறுவன ஆட்கள் தரம் பிரித்துக் கிலோவில் எடுப்பார்கள். மாதக் கணக்குக்கும் கூட்டமைப்புக்கும் கிலோ தேவை என்பதால், கணக்கர் எல்லாவற்றையும் ஏல இடத்திலேயே மனத்துக்குள் கிலோவாக மாற்றி எழுதிவிடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அது கூடாது. ஏலம் எந்த அலகில் நடந்ததோ அந்த அலகையே துண்டுச்சீட்டில் எழுத வேண்டும்; கிலோவுக்கு மாற்றுவது பின்னர் தனி நிரலில், எந்த எடை கொண்டு மாற்றினோம் என்ற குறிப்போடு நடக்க வேண்டும். அப்போதுதான் கூடையின் எடை தவறென்று பிற்பாடு தெரிந்தாலும் பழைய தாள்களைத் திருத்த முடியும். கிலோ மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து கூடை எண்ணிக்கையைத் திரும்பப் பெற வழியே இல்லை.

கூடையின் எடையும் நிலையானதன்று. நீர் சொட்டச் சொட்ட அள்ளிய கூடைக்கும், சற்று நேரம் நீர் வடிந்த கூடைக்கும் வேறுபாடு உண்டு. சில்லறை விற்கும் பெண்கள் கூடையைக் கூம்பாக நிரப்பித் தருமாறு கேட்பார்கள், லாரிக்கு ஏற்றுபவர்கள் மட்டமாக நிரப்பினால் போதும் என்பார்கள். ஆகவே நாங்கள் ஒவ்வொரு மீன் வகைக்கும் அன்று முதலில், நடுவில், கடைசியில் வந்த வள்ளங்களிலிருந்து ஒவ்வொரு கூடை எடுத்து, நீர் வடியவிட்டு, தொங்கு தராசில் நிறுத்து, வெறுங்கூடையின் எடையைக் கழித்து, மூன்றின் சராசரியை அன்றைய கூடை எடையாக எழுதினோம். எல்லாக் கூடைகளையும் நிறுக்க ஆள் கிடையாது, நிறுத்தால் மீனும் கெட்டுவிடும். மூன்று கூடை நிறுப்பது யாருக்கும் சுமையாக இருக்கவில்லை. மணலில் குவியலாக விற்றதற்கு இந்த வழி செல்லாது. அதற்கு, வாங்கியவர் பனிக்கட்டி போட்டுப் பெட்டிகளில் அடுக்கும்போது எத்தனை பெட்டிகள் ஆயின என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வதுதான் நம்பத்தக்க வழி. பனிக்கட்டி இல்லாமல் ஒரு பெட்டி மீன் எவ்வளவு என்பதை ஒருமுறை நிறுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இனி விலைக்கு வருகிறேன். ஒரு நாளின் சாளை விலை என்று ஒரே எண்ணை எழுதுவதில்தான் மிகுதியான குழப்பம் நேர்கிறது. கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கும்படி எண்களை முழுமையாக்கி, சாளை மிகுதியாகப் படும் பருவத்தில் நிகழக்கூடிய ஒரு காலையை எடுத்துக்கொள்கிறேன். 6.15 மணிக்கு முதல் வள்ளம் 10 கூடையோடு வருகிறது. கரையில் வேறு மீன் இல்லாததால் கூடை ரூ.2,400க்குப் போகிறது. 7 மணிக்கு இரண்டாவது வள்ளம் 30 கூடை கொண்டுவருகிறது, விலை ரூ.1,800. மூன்றாவது வள்ளம் 8.30க்கு 60 கூடையோடு வரும்போது பெண்கள் பலரும் பேருந்து பிடித்துப் போய்விட்டார்கள், ஒரு லாரிக்காரர் மட்டுமே நிற்கிறார், விலை ரூ.1,100இல் நின்றுவிடுகிறது.

மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய ரூ.1,767 வரும். அந்த எண்ணைப் பலகையில் எழுதினால், 100 கூடைக்கும் ரூ.1,76,700 கிடைத்திருக்க வேண்டும் என்று பார்ப்பவர் கணக்கிடுவார். உண்மையில் ஏலத் தொகை 24,000, 54,000, 66,000 ஆகியவை சேர்ந்து ரூ.1,44,000தான், ஒரு கூடைக்கு ரூ.1,440. குறைந்த விலைக்குப் போனதுதான் பெருமளவு மீன் என்பதால், விலைகளை மட்டும் சராசரி எடுப்பது எப்போதும் உயர்த்தியே காட்டும். வரவு மிகுந்த நாளில்தான் விலை விழுகிறது. ஆகவே இந்தப் பிழை சில நாள் கூடியும் சில நாள் குறைந்தும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளாது, மாதம் முழுவதும் ஒரே பக்கமாகவே சாயும். மொத்தத் தொகையை மொத்த அளவால் வகுப்பதே சரியான சராசரி. கணினியில் எழுதுவோர், கூடை எண்ணிக்கை C நிரலிலும் விலை D நிரலிலும் இருந்தால், இதை இப்படிப் போடலாம்:

```
=SUMPRODUCT(C2:C4,D2:D4)/SUM(C2:C4)
```

அன்றைய கூடை எடை 24 கிலோ என்றால், சராசரி கிலோவுக்கு ரூ.60 ஆகிறது. ஆனால் சராசரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முதல் வள்ளத்துக்கு கிலோவுக்கு ரூ.100 கிடைத்தது, கடைசி வள்ளத்துக்கு ரூ.46 கூடக் கிடைக்கவில்லை. பலகையைப் பார்க்கும் மீனவருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த இறக்கம் எந்த நேரத்தில், எத்தனை கூடைக்குப் பிறகு தொடங்கியது என்பதுதான். எனவே உயர்ந்த விலை, தாழ்ந்த விலை, அவை கிடைத்த நேரம் ஆகியவற்றையும் சராசரியோடு சேர்த்தே எழுதும்படி எங்கள் நிர்வாகக் குழு முடிவு செய்தது. அதன் பிறகுதான் உறுப்பினர்கள் அந்தத் தாளை நின்று படிக்கத் தொடங்கினார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நேரத்தோடு கூடிய விலை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு வட கேரளத்தின் சாளைக் கரைகளைப் பற்றிப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. அலைபேசி வருவதற்கு முன், 1997 ஜனவரியில் ஒரு காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டிவிட்டுப் போக நேர்ந்தது. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தார்கள். அலைபேசி வந்து, கடலில் இருக்கும்போதே விலை கேட்க முடிந்த பிறகு, கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெரிதும் சுருங்கியது, கொட்டப்படும் மீன் அறவே நின்றது. நமது எடுத்துக்காட்டின் மூன்றாவது வள்ளத்துக்கும் இதே தேவைதான் இருந்தது. ஏழு மணிக்கே விலை ரூ.1,800க்கு இறங்கிவிட்டது, இரு கூட்டம் வியாபாரிகள் போய்விட்டார்கள் என்ற செய்தி 7.15க்குக் கடலில் கிடைத்திருந்தால், 60 கூடையை வைத்திருந்த அந்த வள்ளம் அடுத்த ஊர்க் கரைக்குப் போகலாமா என்று எண்ணிப் பார்த்திருக்க முடியும். ஆகவே நண்பகல் தாளுக்குக் காத்திராமல், ஒவ்வொரு ஏலமும் முடிந்தவுடன் மீன், விலை, நேரம், கரையில் மீதமுள்ள வாங்குவோர் எத்தனை பேர் என்ற நான்கையும் ஒரு வரியில் அனுப்புவதை நாங்கள் வழக்கமாக்கினோம். வாங்குவோர் எண்ணிக்கை இல்லாத விலைச் செய்தி பாதிச் செய்திதான். நல்ல விலை என்று கேட்டு நான்கு வள்ளங்கள் ஒரே கரைக்குத் திரும்பினால் அங்கும் அதே வீழ்ச்சிதான் நேரும்.

அடுத்தது, ஏலத்தில் கூறப்பட்ட விலைக்கும் கையில் வந்த தொகைக்கும் உள்ள வேறுபாடு. இதைப் பற்றி வெளியிலிருந்து வரும் பலரும் கேட்பதே இல்லை, ஆனால் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஏலம் முடிந்த பிறகு, கூடையின் அடியில் நசுங்கிய மீன் இருந்தது, காரல் மீன் கலந்திருந்தது, வெயிலில் மீனின் கண் சிவந்துவிட்டது என்று காரணம் சொல்லி வாங்கியவர் விலையைக் குறைக்கக் கேட்பார். சில நேரம் காரணம் உண்மையானது. சில நேரம், தான் அதிகமாகக் கேட்டுவிட்டதைப் பின்னர் சரிசெய்துகொள்ளும் முயற்சி. எதுவாயினும் ஏலக்காரரும் வள்ளத்தின் தலைவரும் ஒப்புக்கொண்டால் தள்ளுபடி நடக்கிறது. நமது எடுத்துக்காட்டில் லாரிக்காரர் கூடைக்கு நூறு ரூபாய் குறைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 60 கூடைக்கு ரூ.6,000 போய்விட்டது. கையில் வந்தது ரூ.1,38,000, கூடைக்கு ரூ.1,380, கிலோவுக்கு ரூ.57.50.

எந்தத் தொகையை எழுதுவது என்பது பற்றி எங்கள் சங்கத்தில் நெடிய விவாதம் நடந்தது. ஏலத் தொகையையே எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஊர்க்காரர்கள் நம் கரையில் விலை குறைவு என்று நினைப்பார்கள் என்றார் ஏலக்காரர். மூத்த மீனவர் ஒருவர் என்னிடம் சொன்னது வேறு: “கூறின விலை இருக்கட்டும் மக்களே, கையில வந்தது எவ்வளவுன்னு எழுது.” இரண்டையும் எழுதுவது என்று முடிவாயிற்று. ஏலத் தொகை, தள்ளுபடி, கிடைத்த தொகை என்று மூன்று நிரல்கள். பிடித்தம் கிடைத்த தொகையின் மீதுதான் கணக்கிடப்பட வேண்டும்; மூன்றாவது வள்ளத்துக்கு ரூ.60,000இல் சங்கத்துக்கு 1,800, சேமிப்புக்கு 1,200, கடனுக்கு 6,000 போக மீதி ரூ.51,000. ஏலத் தொகையான 66,000 மீது கணக்கிட்டால், தமக்குக் கிடைக்காத ஆறாயிரத்துக்கும் சேர்த்து உறுப்பினரிடம் ரூ.900 கூடுதலாகப் பிடித்ததாகிவிடும்.

தள்ளுபடி நிரல் இன்னொரு வகையிலும் பயன்பட்டது. வாங்கியவர் வாரியாக அதை மாத இறுதியில் கூட்டிப் பார்த்தபோது, தள்ளுபடியில் பெரும்பகுதி ஓரிருவர் பெயரிலேயே விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் ஏலத்தில் உயர்த்திக் கேட்டு மற்றவர்களை விலக்கிவிட்டுப் பின்னர் குறைத்துக்கொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன். மீன் மட்டமாக இருந்ததுதான் காரணமென்றால், அதே வள்ளத்திலிருந்து கூடை எடுத்த மற்றவர்களும் குறைத்திருக்க வேண்டும். நிர்வாகக் குழு அந்தப் பட்டியலைக் காட்டி அவர்களிடம் பேசிய பிறகு, ஏலம் முடிவதற்கு முன்பே கூடையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொள்ளலாம், அதன் பிறகு தள்ளுபடி கிடையாது என்ற வழக்கம் வந்தது. தள்ளுபடி முழுமையாக நின்றுவிடவில்லை, ஆனால் பெரிதும் குறைந்தது.

நாளின் இறுதியில் தாள் சரியா என்று அறிய எங்களிடம் இருந்த சோதனை எளியது. சங்கப் படிகளை வள்ளம் வாரியாகக் கூட்டினால் வரும் தொகையும், வாங்கியவர் வாரியாகக் கூட்டினால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்கம் உறுப்பினருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடம் வார இறுதியில் வசூலிக்கும் முறை இருந்ததால், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இழப்பு சங்கத்தின் தலையில்தான் விழும். வேறுபாடு வந்தால் அதன் வடிவத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். நமது எடுத்துக்காட்டில் வேறுபாடு ரூ.6,000 என்றால், அதை அன்று விற்ற ஒவ்வொரு வள்ளத்தின் கூடை எண்ணிக்கையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 60ஆல் வகுத்தால் நூறு என்று முழு எண் கிடைக்கிறது. ஒருவரின் கணக்கில் தள்ளுபடி ஏறி மற்றவர் கணக்கில் ஏறாமல் விடுபட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். 10ஆலும் 30ஆலும் கூட முழு எண் வருகிறதே என்று கேட்கலாம். ஆனால் கூடைக்கு அறுநூறோ இருநூறோ தள்ளுபடி நடந்திருந்தால் கரையில் அதைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்திருக்கும், எனவே துண்டுச்சீட்டுகளைத் தேடும்போது நூறிலிருந்து தொடங்குவதே முறை. வேறுபாடு ஒரு ஏலத்தின் முழுத் தொகைக்குச் சமமாக இருந்தால் ஒரு சீட்டே காணாமல் போயிருக்கிறது. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் தொகையாக இருந்தால் பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும், 1,800 என்பது 8,100 ஆனதைப் போல. எங்கள் எடுத்துக்காட்டின் 6,000 ஒன்பதால் வகுபடாது என்பதால் அந்த ஐயம் உடனே நீங்குகிறது.

மீன் வகையைப் பிரிப்பதில் ஒரு சொல் மட்டும். அளவு சார்ந்து விலை மாறும் மீன்களை ஒரே வரியில் சேர்க்கக் கூடாது. மூன்று கிலோ நெய்மீனுக்கும் முக்கால் கிலோ குட்டிக்கும் கிலோ விலை பெரிதும் வேறுபடும். இரண்டையும் சேர்த்தெழுதினால், குட்டி மீன் மிகுதியாகப் பட்ட வாரத்தில் நெய்மீன் விலை வீழ்ந்துவிட்டது என்று தாள் சொல்லும். ஆனால் பெரிய நெய்மீனின் விலை அந்த வாரம் ஏறியே இருந்திருக்கக் கூடும். பெரியது, சிறியது என்று இரண்டே வரிகள் போதும். கணவாய்க்கு மட்டும் நிறுவனங்கள் வைக்கும் தரங்களை அப்படியே எழுதினோம்.

மீன் வரவு என்பது ஏலத்துக்கு வந்த மீன் மட்டுமன்று. வள்ளத்தில் போனவர்கள் வீட்டுக் கறிக்கு எடுத்துக்கொள்ளும் மீன் ஏலத்துக்கு முன்பே பிரிந்துவிடும். தூண்டிலுக்கு இரையாக வைத்துக்கொள்ளும் கணவாயும் அப்படியே. வரவு குறைந்த நாளில் கறிமீனின் பங்கு கணிசமானது: ஐந்து பேர் ஆளுக்கு ஒரு கிலோ எடுத்தாலும், 20 கிலோ மட்டுமே பட்ட வள்ளத்தில் அது கால் பங்கு. ஆகவே கறிமீன் என்று தனி நிரல் வைத்து, வள்ளத்தின் ஆட்களிடம் கேட்டுத் தோராயமாக எழுதினோம். அந்த மீனைப் பிடித்தத்துக்கு உட்படுத்தப்போவதில்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் யாரும் சரியான அளவைச் சொல்ல மாட்டார்கள்.

வெறுங்கையோடு திரும்பிய வள்ளங்களைப் பற்றித்தான் நான் இன்னும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏலச்சீட்டிலிருந்து மட்டும் தாள் எழுதினால், ஒன்றும் படாமல் வந்த வள்ளம் தாளில் வராது, ஏனென்றால் அதற்குச் சீட்டே இல்லை. 12 வள்ளங்கள் போய் 3 மட்டும் மீன் கொண்டுவந்த நாளில், வந்த 3 வள்ளங்களுக்கு மொத்தம் ரூ.1,38,000 என்றால் வள்ளத்துக்கு ரூ.46,000 என்று தாள் காட்டும். போன 12க்கும் பகிர்ந்தால் அது ரூ.11,500தான். எரிபொருளும் ஐஸும் பன்னிரண்டு வள்ளங்களுக்கும் செலவாகியிருக்கின்றன. கடன் கொடுப்பது பற்றியோ தவணையைத் தள்ளிவைப்பது பற்றியோ நிர்வாகக் குழு முடிவெடுக்கும்போது, இந்த இரண்டு எண்களில் எது அவர்கள் முன் இருக்கிறது என்பது பல குடும்பங்களைப் பாதிக்கும். ஆகவே போனவை, மீனோடு வந்தவை, வெறுமையாக வந்தவை, இன்னும் வராதவை என்ற நான்கு எண்களைத் தாளின் தலையில் எழுதுவதை வழக்கமாக்கினோம். கடல் கொந்தளிப்பு, ஞாயிறு, ஊர்த் திருவிழா ஆகியவற்றால் யாருமே போகாத நாளில் இடத்தை வெறுமையாக விடாமல் ‘போகவில்லை’ என்று காரணத்தோடு எழுத வேண்டும். சுழியும் வெற்றிடமும் வெவ்வேறு செய்திகள். மாதச் சராசரியில் முதலாவது கணக்கில் சேரும், இரண்டாவது சேராது.

இன்னும் வராதவை என்ற எண் மீன் கணக்குக்காக மட்டும் இருப்பதன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண்ணிக்கையும் ஊர்களின் எண்ணிக்கையும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. எந்த வள்ளம் எப்போது போனது, யார் யார் அதில் இருந்தார்கள் என்ற நாட்குறிப்பு எழுத்தில் இருக்கும் ஊர், அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியும். மாலையில் வலையோடு போகும் வள்ளங்களுக்கு, அவை போகும்போதே ஒரு வரி எழுதிவிடுவது அதற்காகவும்தான்.

தேதி பற்றிய விதியும் இதனோடு சேர்ந்தது. மாலை போய் மறுநாள் காலை வரும் வள்ளத்தின் மீன், கரை சேர்ந்த நாளின் கணக்கில்தான் வர வேண்டும். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகு ஒரே நாளில் ஒரு வாரத்து மீனை இறக்கினால், அதைத் தனி வரியில், எத்தனை நாள் பயணம் என்ற குறிப்போடு எழுத வேண்டும். ஒரு நாள் வள்ளங்களோடு சேர்த்தால் அன்றைய சராசரிக்குப் பொருளே இருக்காது. தூத்தூர்ப் பகுதியினர் போன்று ஆழ்கடலுக்குப் போய் கொச்சி உள்ளிட்ட தூரத்துத் துறைமுகங்களில் மீனை இறக்குவோரின் வரவை ஊர்த் தாளில் சேர்க்கக் கூடாது.

ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிடும்போது தடைக்காலத்தைக் கவனிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லாததால், விசைப்படகு மீன் சந்தைக்கு வராத அந்த நாட்களில் நம் மீனுக்குப் போட்டி குறைந்து விலை ஏறும். ஜூலை விலையை ஆகஸ்டு விலையோடு ஒப்பிட்டு ஏலக்காரர்மீது குறை சொல்வது நியாயமற்றது. போன ஆண்டின் ஆகஸ்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதுபோலவே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் மீன் வரவு மதிப்பீடுகளோடு சங்கத் தாளை நேரடியாக ஒப்பிட்டு எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. அந்த நிலையம் தேர்ந்தெடுத்த இறங்குதளங்களையும் நாட்களையும் மாதிரியாக எடுத்து முழுக் கரைக்கும் மதிப்பிடுகிறது. சங்கத் தாளோ தன் உறுப்பினர்களின் மீன் முழுவதையும் எண்ணுகிறது, உறுப்பினர் அல்லாதோரின் மீனைத் தொடுவதில்லை.

பலகையில் ஒட்டப்பட்ட சுருக்கம் இந்த வடிவில் இருந்தது:

```
போனவை 12 | மீனோடு 3 | வெறுமை 9 | வராதவை 0
சாளை: 100 கூடை (கூடை 24 கிலோ) = 2,400 கிலோ
உயர்வு 2,400 (6.15) | தாழ்வு 1,100 (8.30) | சராசரி 1,440
ஏலம் 1,44,000 | தள்ளுபடி 6,000 | கிடைத்தது 1,38,000
```

வள்ளம் வாரியான தொகையைப் பலகையில் போடுவதில்லை என்று உறுப்பினர் கூட்டம் முடிவு செய்திருந்தது. எந்த வள்ளத்துக்கு எவ்வளவு பட்டது என்பது ஏலத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்தான். ஆனால் கடலடியில் உள்ள எந்தப் பாரில், எந்தத் திசையில் பட்டது என்பதை அதனோடு சேர்த்து எழுதக் கேட்பது மீனவரின் உழைப்பில் விளைந்த அறிவைப் பறிப்பதாகும். வள்ளம் வாரியான தொகை பூட்டிய பதிவேட்டில் மட்டுமே இருந்தது, உரியவர் கேட்டால் அவருக்கு மட்டும் காட்டப்பட்டது. தாளில் ஆட்சேபம் இருப்போர் மறுநாள் காலை ஏலம் தொடங்குவதற்குள் தங்கள் துண்டுச்சீட்டோடு வந்து சொல்ல வேண்டும்; திருத்தம் இருந்தால் பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் அடித்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, ஏலக்காரரும் வள்ளத் தலைவரும் கையொப்பமிடுவார்கள். அதன் பிறகே அந்த நாளின் பிடித்தங்கள் உறுப்பினரின் கணக்குப் புத்தகத்தில் ஏற்றப்படும்.